10% காலாண்டா, 10.2% அரையாண்டா, 10.4% ஆண்டா?

மூன்று நிலையான வைப்புகள் தரப்பட்டுள்ளன. முதலாவது வருடத்துக்கு 10%, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. இரண்டாவது 10.2%, அரையாண்டுக்கு ஒருமுறை. மூன்றாவது 10.4%, வருடத்துக்கு ஒருமுறை. ரூ. 200,000 ஐ ஒரு வருடத்துக்கு எதில் போடலாம்? அடிக்கடி வட்டி சேர்வதே மேல் என்று நினைத்துப் பலர் முதலாவதைத் தெரிவார்கள். இந்தக் கேள்வியில் அதுதான் கடைசி.

காலாண்டு வைப்பை முதலில் கையால் நடத்திப் பாருங்கள். 10 ஐ 4 ஆல் வகுத்தால் காலாண்டுக்கு 2.5%. முதல் மூன்று மாதத்துக்கு வட்டி ரூ. 5,000, முதலோடு சேர்ந்து 205,000 ஆகிறது. அடுத்த காலாண்டின் 2.5% இந்தத் தொகைக்குத்தான், ஆகவே வட்டி 5,125. மூன்றாவதில் 5,253.13, நான்காவதில் 5,384.45. முடிவில் கையில் ரூ. 220,762.58. சூத்திரத்தில் இது ஒரே வரி:

```
(1 + 0.10/4)^4 - 1 = 0.103813
```

இதுவே பயனுறு வருடாந்த வட்டி வீதம், 10.38%. காலி வீதி வங்கிகளின் வட்டி அட்டவணையில் ஏ.ஈ.ஆர். என்று தனி நிரலில் இருப்பதும் இந்த வகை வீதந்தான்.

அரையாண்டு வைப்புக்கு 1.051 இன் வர்க்கம் 1.104601, அதாவது 10.46%. கிடைப்பது ரூ. 220,920.20. ஆண்டு வைப்புக்குக் கணக்கே வேண்டாம்: 10.4%, ரூ. 220,800. ஆக அரையாண்டு முதலிடம், ஆண்டு இரண்டாமிடம், காலாண்டு மூன்றாமிடம்.

வித்தியாசம் சிறிது என்பதால் இடையில் தசமங்களை வெட்டினால் விடையே மாறிவிடும். 1.103813 ஐ 1.104 என்று எழுதிப் பெருக்கினால் காலாண்டுக்கும் 220,800 வந்து, ஆண்டு வைப்போடு சமநிலை என்று முடிவாகும். ஆறு தசமங்களாவது வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

இன்னொரு வழக்கமான பிழை, வீதத்தை வகுக்காமல் காலத்தை மட்டும் 4 ஆக்குவது. 1.10 இன் நான்காம் வலு 1.4641; ஒரு வருடத்தில் 46% வட்டி என்று வந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். காலம் 18 மாதமென்றால் வலு 6, 1.5 அல்ல.

கேள்வியில் "வட்டி காலாண்டுதோறும் சேமிப்புக் கணக்குக்கு வரவு வைக்கப்படும்" என்று இருந்தால் கதை வேறு. வட்டி வைப்போடு சேராததால் அந்த வைப்பு தருவது நான்கு முறை ரூ. 5,000 மட்டுமே. சூத்திரத்தைப் போட்டுவிட்டால் ரூ. 762.58 கூடுதலாகக் காட்டியிருப்பீர்கள்.