சேமிப்புக் கணக்கும் நகையும் காணியும்: எது விரைவில் பணமாகும்?

கிளிநொச்சியில் ஒரு குடும்பத்துக்கு ஞாயிறு இரவு மருத்துவச் செலவுக்காக அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது என்று கொள்வோம். சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை, அன்றாட எல்லைக்குள், அப்போதே ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுக்கலாம், போட்ட தொகை குறையாது.

நகையோ கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பவுண், அதாவது 8 கிராம், 3 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பவுண் சங்கிலியைச் செய்கூலி, சேதாரத்துடன் 6,60,000 ரூபாய்க்கு வாங்கியிருப்போம். விலை மாறாத நாளிலேயே அதை விற்றாலும், கடைக்காரர் உரசிப் பார்த்து, கல்லின் எடையைக் கழித்து, தங்கத்துக்கு மட்டும் தமது வாங்கும் விலையைத் தருவார். அது தங்கத்தின் விலையான 6 இலட்சத்தைவிட 5 வீதம் குறைவென்றால் கையில் வருவது 5,70,000. அடகு வைத்தால் நகை நம்முடையதாகவே இருக்கும், ஆனால் மதிப்பின் ஒரு பகுதிதான் கிடைக்கும், வட்டியும் ஏறும். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

வீடு எல்லாவற்றிலும் மெதுவானது, ஏனெனில் அதில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது. வன்னியில் இன்னொரு தடையும் உண்டு: குடியேற்றத் திட்டங்களின் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை, அவற்றை உறுதிக்காணிபோல விரும்பியவருக்கு விற்க முடியாது. ஆகவே வாங்க ஆள் இருந்தாலும், முதலில் பிரதேச செயலகத்தில் பத்திரத்தின் நிலையைத்தான் கேட்டறிய வேண்டும்.