நான்கு ஆண்டுகளாக ஒரே பூனை: என் ஸ்டிக்கர் அனுபவம்

"நீ அனுப்பும் பூனை ஸ்டிக்கர் தொகுப்பை எனக்கும் கொடு. நான்கு வருடமாக அதையே அனுப்புகிறாயே, அலுக்கவில்லையா?" என்று போன வாரம் தோழி கேட்டாள். அலுக்கவில்லை. நானே வரைந்த பூனை என்பது ஒரு காரணம். அது செய்யும் வேலை இன்னொரு காரணம்.

"சரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது நீட்டினால் சம்மதம், வெட்டினால் கோபம், இழுத்து இறக்கினால் மனமில்லாத ஒப்புதல். திரையில் இந்த மூன்றும் ஒன்றுதான். அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால், எதிரில் இருப்பவர் அரை நாள் யோசிப்பார். என் தொகுப்பில் "சரி"க்கு இரண்டு பூனைகள் உண்டு. ஒன்று, கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்றது, தரையில் குப்புறப் படுத்தபடி ஒரு கையை மட்டும் உயர்த்துகிறது. இரண்டாவதை அனுப்பினால் அக்கா மேற்கொண்டு வேலை சொல்லமாட்டாள். "களைத்துப்போயிருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அது புகாராகிவிடும்.

இதைச் செய்வது முகமல்ல, உடல். வழக்கமான எமோஜி பெரும்பாலும் ஒரு முகம்தான். ஸ்டிக்கரில் தோள் இருக்கிறது, முதுகு இருக்கிறது, நிற்கும் விதம் இருக்கிறது. 2011இல் லைன் என்ற அரட்டைச் செயலியின் ஸ்டிக்கராக அறிமுகமான பிரவுன் என்ற கரடியின் முகத்தில் அநேகமாக எந்த உணர்ச்சியும் இருக்காது. அது சாய்ந்து நிற்பதிலும் கட்டிக்கொள்வதிலும்தான் எல்லாம் புரியும். நான் வரையக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான்.

இன்னொன்றையும் பெரிதாக நம்பியிருந்தேன். எமோஜி என்பது ஒரு குறியீட்டு எண். அதற்குரிய உருவத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் பாணியில் வரைகிறது. அதனால் நான் அனுப்பும் முகமும் நீங்கள் பார்க்கும் முகமும் வேறாக இருக்கலாம். ஸ்டிக்கரோ படம். நான் பார்ப்பதைத்தான் அவரும் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் அடி விழுந்தது.

அக்கா நாள் குறித்து ஏற்பாடு செய்திருந்த ஒரு சந்திப்புக்கு என்னால் போக முடியவில்லை. "நாளைக்கு வர முடியவில்லை அக்கா" என்று எழுதி, தலைகுனிந்து காதுகளை மடித்து நிற்கும் பூனையையும் அனுப்பினேன். பதிலே இல்லை. இரவில் அழைத்து, "வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரிக்கிறாயா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அவள் கருநிறத் திரை வைத்திருந்தாள். நான் வரைந்தது வெறும் கறுப்புக் கோடு, உள்ளே நிறமே இல்லை. பின்னணியின் கறுப்பில் பூனை முழுதாகக் கரைந்து, அழுது சிவந்ததாக நான் தீட்டிய இரண்டு கன்னங்கள் மட்டும் மிதந்தன.

குற்றம் என்னுடையது. ஸ்டிக்கர் செய்பவர்களுக்கு வாட்ஸ்ஆப் தரும் வழிகாட்டுதலிலேயே, 512க்கு 512 பிக்சல் படத்தைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளை விளிம்பு வைக்கும்படி பரிந்துரை இருக்கிறது. கத்தரித்து ஒட்டிய காகிதம்போலத் தெரிகிறது என்று அதைத் தவிர்த்திருந்தேன். இப்போது உடலுக்கு வெள்ளை நிரப்பி, விளிம்பும் வைத்துவிட்டேன். புதிதாக வரையும் எதையும் வெளிர் திரையிலும் கருந்திரையிலும் பார்க்கிறேன். பிறகு எதுவும் எழுதாமல் ஒருவரிடம் காட்டி, பூனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்கினால் தோளை மாற்றி வரைகிறேன், கண்ணை அல்ல. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பழைய படங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

தீராத எரிச்சல் வேறொன்று. ஸ்டிக்கர் தனிச் செய்தியாகத்தான் போகிறது, சொல்லோடு ஒட்டிக்கொண்டு போவதில்லை. பூட்டிய திரையில் என் வாக்கியம் முழுதாக வரும், அதன் கீழே "ஸ்டிக்கர்" என்று ஒரு சொல் மட்டும் வரும். மறுப்பு உடனே போய்ச் சேர்கிறது, அதன் குரல் திறந்து பார்த்த பிறகுதான் கேட்கிறது. அக்கா அன்று மாலைவரை திறக்கவே இல்லை. பூனை முழுதாகத் தெரிந்திருந்தாலும் அந்த நான்கு மணி நேரம் அவள் கையில் இருந்தது வெறும் "வர முடியவில்லை"தான். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பூனையை முன்னால் அனுப்பிப் பார்த்தேன். அப்போது அது வணக்கம்போல ஆகிவிடுகிறது. பின்னால் வந்தால்தான் அது குரல்.

தோழிக்கு இன்றிரவு தொகுப்பை அனுப்புகிறேன். ஓடும் பூனை, குப்புறப் படுத்த பூனை எல்லாம் இருக்கும். நான் வரைந்ததிலேயே சிறந்தது தலைகுனிந்து நிற்பதுதான். அதை மட்டும் எடுத்துவிட்டேன். அது தேவைப்படும் நாளில் அவள் என்னை அழைத்துப் பேசட்டும்.