வானிட்டி டாப் நாலு வகை: பல வருஷம் புழங்கினதுல தெரிஞ்சது, தண்ணி ஓட்டை வழியா தான் இறங்குது

வாஷ் பேசின் மேடைக்கு குவார்ட்ஸா, கிரானைட்டா, சாலிட் சர்ஃபேஸா, இல்ல லாமினேட்டே போதுமான்னு கேக்குறவங்க எல்லாரும் மேல தண்ணி நின்னா தாங்குமான்னு தான் முதல்ல கேக்குறாங்க. எங்க வீட்ல ரெண்டு பாத்ரூம்ல கிரானைட்டும் லாமினேட்டும், அக்கா வீட்ல வெள்ளை குவார்ட்ஸ், தம்பி வீட்ல சாலிட் சர்ஃபேஸ். நாலையும் வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றதால சொல்றேன், மேல்பரப்புல தண்ணி நிக்கிறது நாலுக்குமே பெரிய விஷயமே இல்ல. பைப்புக்கு போட்ட ஓட்டை, பேசினுக்காக வெட்டின விளிம்பு, செவுத்தோட சேர்ற இடம், இந்த மூணு இடத்துல தான் எல்லா வில்லங்கமும் ஆரம்பிக்குது.

லாமினேட்ல இது நல்லாவே தெரியும். மேல இருக்குற ஷீட்டு சுமார் 1 மிமீ கனம் தான், ஆனா பேப்பர ஃபீனாலிக், மெலமைன் ரெசின்ல ஊறவச்சு சூட்லயும் அழுத்தத்துலயும் இறுக்கினது, அதுக்குள்ள தண்ணி போகாது. கறையும் லேசுல ஒட்டாது, ஹேர் டை சொட்டினா உடனே தொடச்சா வந்துடும், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டாலும் ஒண்ணும் ஆகாது (டாய்லெட் கழுவுற ஆசிட் மட்டும் வேணாம், கலர் போயிடும்). சொன்னா நம்ப மாட்டீங்க, கறை விஷயத்துல நாலுல இது தான் எனக்கு கம்மி தொந்தரவு. ஆனா அடியில இருக்குறது பார்ட்டிக்கிள் போர்டு. கை கழுவிட்டு ஈரக்கையோட பைப்ப மூடுறோம்ல, அந்த தண்ணி பைப் மேலயே வழிஞ்சு அதோட அடிப்பகுதியில தேங்கி ஓட்டைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, போர்டு அத உறிஞ்சி உப்புது. மேல பாத்தா ரொம்ப நாள் எதுவும் தெரியாது, பைப்ப சுத்தி விரலால தடவி பாத்தா லேசா மேடு தட்டும், அப்புறம் பைப்பு ஆட ஆரம்பிக்கும், கடைசியில தான் ஷீட்டு தூக்கும். உப்பினது காஞ்சாலும் பழைய அளவுக்கு இறங்காது, அந்த பீஸ மாத்துறது தான் வழி. புதுசா போடுறவங்க ஓட்டை வெட்டினதும் போர்டு வெளிய தெரியுற அந்த விளிம்புல எபாக்ஸியோ பியூ வார்னிஷோ ரெண்டு கோட் அடிச்சு காயவிட்டு, அதுக்கப்புறம் சிலிகான் வச்சு பேசினையும் பைப்பையும் இறக்க சொல்லுங்க. வெட்டினதும் நேரா பேசின தூக்கி வைக்கிற ஆள நிறுத்தி நின்னு செய்ய வைக்கணும், இல்லன்னா யாரும் செய்றதில்ல.

கிரானைட்டுக்கு வருவோம், நான் அதிகமா மல்லுக்கட்டினது இது கூட தான். கருப்பா அடர்த்தியா இருக்குற கல்லு பெரும்பாலும் தண்ணியே குடிக்காது, எங்களது வெளிர் கலர், அது நல்லா குடிக்கும். போட்டு கொஞ்ச நாள்லயே பைப்ப சுத்தி ஒரு கருப்பு வளையம் வந்துச்சு. இந்த வளையத்துக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், எதுன்னு தெரியாம சீலர் அடிச்சா கறைய உள்ளயே வச்சு பூட்டின மாதிரி ஆயிடும். அதனால அந்த பேசின புழங்காம ஓரிரு நாள் காயவிட்டு பாக்கணும். வளையம் வெளுத்துட்டா அது வெறும் ஈரம், ஓட்டை விளிம்புலயோ கல்லோட அடிப்பக்கத்துலயோ சீலர் படாததால தண்ணி ஏறுது. வெளுக்காம அப்படியே நின்னா அது எண்ணெய். எங்களுக்கு வெளுக்கல. பைப்ப கழட்டி பாத்தா அடியில எண்ணெய் கலந்த புட்டிய அப்பி வச்சிருந்தாங்க, அதுல இருந்த எண்ணெய் தான் கல்லுக்குள்ள பரவி இருக்கு. கல்லுக்கு அந்த புட்டியே ஆகாது, கல்லுக்குன்னே வர்ற நியூட்ரல் சிலிகான் தான் வைக்கணும், சாதா சிலிகான்ல சிலது வெளிர் கல்லுல கறை விட்டுடும்.

கறைய எடுக்க சமையல் சோடாவ அசிட்டோன்ல கெட்டியா குழைச்சு, கறை மேல அரை செமீ கனத்துக்கு, கறைய தாண்டி கொஞ்சம் அகலமாவே அப்பினோம். ஜன்னல திறந்து வச்சுட்டு, பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லாம தான் இத செய்யணும். மேல பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டி ஒரு நாள் விட்டு, ஷீட்ட எடுத்துட்டு அது முழுசா காயுற வரைக்கும் தொடல. எண்ணெய கல்லுல இருந்து இழுக்குறதே அந்த காயுற நேரம் தான், ஈரமா இருக்கும்போதே வழிச்சு எடுத்தா பாதி பலன் போயிடும். காஞ்சதும் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால சுரண்டினோம். முதல் தடவ கொஞ்சம் தான் வெளுத்துச்சு, திரும்ப திரும்ப போட்டதுல தான் போச்சு, இன்னும் உத்து பாத்தா லேசா ஒரு நிழல் தெரியும், அத விட்டுட்டேன்.

அப்புறம் கல்ல நல்லா காயவிட்டு, உள்ள இறங்குற வகை சீலர ஓட்டையோட உள்விளிம்பு, பேசின் வெட்டு எல்லாத்துக்கும் சேத்து அடிச்சோம். அடிச்சு டப்பால போட்டிருக்குற நேரம் ஆனதும் மிச்சத்த சுத்தமா தொடச்சிடணும், மேலயே காஞ்சா மங்கலா படிஞ்சு நிக்கும். மறுபடி எப்ப அடிக்கணும்னு வருஷக்கணக்கு பாக்குறத விட தண்ணிய சொட்டி பாக்குறது நல்லது, ஒரு ஸ்பூன் தண்ணிய விட்டு 15 நிமிஷம் கழிச்சு தொடச்சா அடியில கல்லு கருத்திருந்தா நேரம் வந்தாச்சு. இன்னொண்ணு, துருக்கறை எடுக்குற சில லிக்விட்ல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும், அது கிரானைட் பாலிஷையே தின்னுடும். வாங்குறதுக்கு முன்னாடி லேபிள படிங்க.

அக்கா வீட்டு குவார்ட்ஸுக்கு இந்த சீலர் வேலையெல்லாம் கிடையாது. எடைக்கு சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளு, மிச்சம் பெரும்பாலும் ரெசின், தண்ணி உள்ள போக வழியே இல்லாத மாதிரி தான். ஆனா கறையே படாதுன்னு விக்கிறவங்க சொல்றத அப்படியே நம்பாதீங்க. ஹேர் டை உடனே தொடச்சா போயிடும், ராத்திரி சொட்டினத காலைல பாத்தா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வச்சு பொறுமையா தேய்க்கணும், வெள்ளைல லேசா தங்கினாலும் தெரியும். அத விட மோசம், பைப் அடைப்பு எடுக்குற கெமிக்கல் சிந்தி நின்ன இடத்துல பளபளப்பு போய் திட்டா ஆயிடுச்சு. அது கறை இல்ல, ரெசின் அரிச்சது, எத போட்டு தொடச்சாலும் வராது. சூடான ஹேர் ஸ்ட்ரைட்னர வச்சாலும் மஞ்சளாகும், அடியில எதாவது மேட் போட்டுக்கோங்க. நல்லா வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம்னா வெள்ளை குவார்ட்ஸே மஞ்சளிக்க வாய்ப்பு இருக்கு.

தண்ணிக்கு மட்டும்னு கேட்டா என் ஓட்டு தம்பி வீட்டு சாலிட் சர்ஃபேஸுக்கு. அக்ரிலிக்கும் அலுமினா ட்ரைஹைட்ரேட் தூளும் கலந்தது, பேசினும் மேடையும் ஒரே பொருள், ஜாயின்ட்டே தெரியாம ஒட்டிடுவாங்க, அதனால பேசின் விளிம்புங்குற பிரச்சனையே இல்ல. அதோட எதிரி நெயில் பாலிஷ் ரிமூவர், அதுல அசிட்டோன் இருந்தா அக்ரிலிக் இளகி மங்கலா வட்டம் விழும். கீறலும் சீக்கிரம் விழும். ஆனா நாலுல வீட்லயே உப்புத்தாள வச்சு சரி பண்ணிக்க முடியுறது இது ஒண்ணு தான், 400 நம்பர் தாள நனைச்சு சுத்தி சுத்தி தேய்ச்சு, பிறகு சுத்தியிருக்குற பளபளப்புக்கு ஏத்த மாதிரி நார்ப்பட்டையால முடிக்கணும். அவன் வெளிர் மேட் ஃபினிஷ் எடுத்ததால தேய்ச்ச இடமே தெரியல, இதையே அடர் கலர்ல பளபளன்னு எடுத்திருந்தா தேய்ச்ச இடம் தனியா காட்டிக்கொடுக்கும், அதனால அந்த கலர் கேக்குறவங்களுக்கு நான் கருப்பு கிரானைட்ட தான் சொல்றது.