சொல்யூஷன் பேட்சா, ஸ்டிக்கர் பேட்சா? முதல் தடவை சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவருக்கு ஓர் ஒப்பீடு

அக்கா மகன் பள்ளிக்கூடம் போகும் பாதையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். போன மார்ச்சில் ஒரு நாள் பின்சக்கரத்தில் ஒரே சமயத்தில் இரண்டு முள் ஏறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டில் இரண்டு வகை பேட்ச் இருந்தது. ஒன்று, சிறிய ட்யூபில் வரும் சொல்யூஷனைத் தடவி ஒட்டுவது. இன்னொன்று, பின்தாளை உரித்து அப்படியே ஒட்டும் ஸ்டிக்கர். ஒரு ஓட்டைக்கு அதையும் மற்றதற்கு இதையும் போட்டோம். ஒரே டியூப், ஒரே டயர், ஒரே வெயில் என்பதால் எது எப்படி உழைக்கிறது என்று நேராகப் பார்க்க முடிந்தது.

ஒட்டும் இடம் வரைக்கும் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். முதலில் பஞ்சர்தானா என்று பாருங்கள். நம் ஊர் சாதா சைக்கிளின் மவுத்துக்குள் இருக்கும் வால்வில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். அது கிழிந்தாலும் காற்று இறங்கும். காற்றடித்துவிட்டு மவுத்தில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அந்த ரப்பரை மாற்றினாலே போதும், டயரைக் கழற்றவே வேண்டாம்.

குமிழி வராவிட்டால் டியூபை வெளியே எடுக்க வேண்டும். பின்சக்கரமாக இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, வால்வை எடுத்துக் காற்றை முழுக்க விட்டு, மவுத்தை ரிம்மோடு பிடித்திருக்கும் நட்டையும் கழற்றுங்கள். டயரைச் சுற்றிலும் கையால் அமுக்கி அதன் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் டயர் தளரும். மவுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் டயர் லீவரை நுழைத்து ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் டியூபில் இன்னொரு ஓட்டை விழும். லீவர் இல்லையென்றால் முனை மழுங்கிய ஸ்பூன் காம்பு பரவாயில்லை.

வால்வைத் திரும்பப் போட்டு, டியூப் கொஞ்சம் உப்பும் அளவுக்குக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக முக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்துவிட்டுப் பேனாவால் கூட்டல் குறி போடுங்கள். குறியின் கோடுகள் பேட்சைவிட நீளமாக இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் உப்புத்தாள் தேய்க்கும்போது குறி அழிந்துவிடும், பிறகு ஓட்டையைத் தேடி அலைய வேண்டும். மவுத்தின் அடியிலேயே கிழிந்திருந்தால் எந்த பேட்சும் நிற்காது, டியூபை மாற்ற வேண்டியதுதான்.

டியூப் நன்றாகக் காய்ந்ததும், காற்றை இறக்கி, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேயுங்கள். ஸ்டிக்கருக்கு இது வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. புது டியூபின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அதன் மேல் எதுவும் பிடிக்காது. பளபளப்பு போய்க் கருப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். டியூபின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்பு பேட்சுக்கு அடியில் வந்தால், அதையும் மட்டமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வரம்பின் ஓரமாகவே காற்று வழி கண்டுபிடித்துவிடும்.

வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டிக்கர் என்றால் பின்தாளை உரித்து, ஒட்டும் பக்கத்தில் விரல் படாமல், ஓட்டை நடுவில் வரும்படி வைத்து அரை நிமிடம் அழுத்தினால் முடிந்தது.

சொல்யூஷனுக்குப் பொறுமை வேண்டும். பேட்சைவிடச் சற்று அகலமாக, மெல்லிய ஒரே படலமாகத் தடவுங்கள். அதன்பின் ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். என் அக்கா மகன் ஒரு நிமிடத்திலேயே பேட்சைக் கையில் எடுத்துவிட்டான். "மாமா, காஞ்சுட்டா ஒட்டாதுல்ல?" என்றான். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். காகிதம் ஒட்டும் பசை ஈரத்தில்தான் ஒட்டும். சொல்யூஷன் அப்படியல்ல. அதில் ரப்பர் ஒரு கரைப்பானில் கரைந்திருக்கிறது. அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான், மிஞ்சிய ரப்பர் பேட்சின் அடிப்பக்க ரப்பரோடு வேதிவினையில் பிணைகிறது. ஈரமாக மூடினால் கரைப்பான் உள்ளேயே சிக்கி, பேட்ச் வழுக்கிக்கொண்டு நகரும். பதத்தைப் பார்க்கப் படலத்தின் ஓரத்தில் புறங்கையை வையுங்கள். கையில் ஈரம் ஒட்டாமல், லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அதன் மேல் படியும்.

பதம் வந்ததும் பேட்சின் அடியிலுள்ள அலுமினியத் தாளை உரித்து அந்தப் பக்கத்தை வையுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் அப்படியே இருக்கலாம். அவசரமாக அதை உரிக்கப்போய் பேட்சின் ஓரத்தையே கிளப்பிவிடுபவர்கள் நிறைய. பிறகு தட்டையான தரையில் வைத்து, ஸ்பூனின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து அழுத்துங்கள். பேட்சுக்கு வெளியே பிசுபிசுக்கும் சொல்யூஷன் மேல் முகப்பவுடர் தூவினால் டியூப் டயரோடு ஒட்டாது.

இரண்டிலும் ஒரு தப்பு பொது. பிடித்ததா என்று பார்க்க, டியூபை வெளியிலேயே வைத்துப் பலூன் மாதிரி ஊதிவிடக் கூடாது. டியூப் விரியும் அளவுக்கு பேட்ச் விரியாது, ஓரம் கிளம்பும். ஸ்டிக்கருக்கு இது இன்னும் ஆபத்து. டயருக்குள் போனபின் டயரே பேட்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும் முன் டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். இரண்டு முள்ளையும் முழுதாக எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். துணி இன்னொரு இடத்தில் இழுத்தது. ஒடிந்த முனை ஒன்று, வெளியே தெரியாமல், உள்ளே ஊசி நுனியளவு நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அன்றைக்கே மறுபடி பஞ்சர். இதன்பின் டியூபை முறுக்கில்லாமல் உள்ளே வைத்து, விளிம்பைக் கையாலேயே ரிம்முக்குள் தள்ளுங்கள். டியூப் எங்கும் விளிம்புக்கு அடியில் மாட்டவில்லை என்று இரண்டு பக்கமும் விலக்கிப் பார்த்தபின் காற்றடியுங்கள்.

அன்று இரண்டு பேட்சும் நன்றாகவே பிடித்தன. ஏப்ரல் கடைசியில், நாள் முழுக்க வெயிலில் நின்ற சைக்கிளில் காலையில் காற்று பாதி குறைந்திருக்க ஆரம்பித்தது. தண்ணீரில் முக்கினால் ஸ்டிக்கரின் ஒரு ஓரத்திலிருந்து கடுகளவு குமிழி, நேரம் விட்டு ஒவ்வொன்றாக. சூட்டில் பசை இளகி நகர்ந்திருந்தது. நகத்தால் கீறினால் மொத்தமாகவே உரிந்து வந்தது. சொல்யூஷன் பேட்சின் ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தேன், முடியவில்லை.

ஆகவே வீட்டில் ஒட்டுவதற்கு நான் சொல்யூஷனையே சொல்வேன். அதன் குறை ஒன்றுதான்: மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துபோகும். பஞ்சர் ஆன அன்று எடுத்தால் ட்யூப் காலி. ஸ்டிக்கர் அப்படி ஆகாது. வழியில், இருட்டில், ஐந்து நிமிடம் நிற்க முடியாத இடத்தில் வீடு வந்து சேர அது போதும். வந்தபின் அதை உரித்துவிட்டு, மிச்சப் பசையை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுத்து, அதே இடத்தில் சொல்யூஷன் பேட்ச் போடலாம். பசை கொஞ்சம் இருந்தாலும் சொல்யூஷன் ரப்பரைத் தொடாது. நாங்களும் மே மாதம் அதைத்தான் செய்தோம். இப்போது அவன் பள்ளிப்பையில் ஸ்டிக்கர் நான்கும் உப்புத்தாள் துண்டும் இருக்கின்றன. சொல்யூஷன் ட்யூப், திறந்த தேதி எழுதி, வீட்டு அலமாரியில் இருக்கிறது.