கல்லையும் தங்கமாக எண்ணி விற்ற ரசீது: 25,980 ரூபாய் போன கதை

மகளின் திருமணத்துக்காகக் கடந்த வாரம் மதுரைக் கடைவீதியில் உள்ள ஒரு நகைக்கடையில் கல் பதித்த நெக்லஸ் ஒன்றை வாங்கி, 25,980 ரூபாயை வீணாக இழந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு தலைமுறையாக நடக்கும், மூன்று மாடி வைத்த, நெரிசல் குறையாத கடை என்பது மட்டும் போதும். ஒரு கூட்டுறவு நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ரசீதில் இருந்த ஏமாற்றைப் பணம் கட்டிய பிறகே கண்டுபிடித்தேன் என்பதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தாலி, தோடு எல்லாம் அந்தக் கடையில்தான். உட்கார்ந்ததும் காபி வந்தது. விற்பனையாளர் நெக்லஸைத் தராசில் வைத்து, தராசையே எங்கள் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்க சார், ஒரு மில்லி கூட மறைக்கிறது இல்லை" என்றார். திரையில் 24.000 என்று நின்றது. சரியாக மூன்று சவரன். தராசைத் திருப்பிக் காட்டுகிற கடை எப்படி ஏமாற்றும் என்று அந்த நொடியில் நம்பினேன். இப்போது நினைத்துப் பார்த்தால் தராசு பொய் சொல்லவே இல்லை. நகையின் எடை உண்மையிலேயே 24 கிராம்தான், அதில் தங்கம் எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் பேரம் பேசியதெல்லாம் சேதாரத்தில்தான். 16 சதவீதம் என்றவரை, மேலாளரை வரவழைத்து, கால் மணி நேரம் வாதாடி 14 சதவீதத்துக்கு இறக்கினேன். அன்றைய விலை சவரனுக்கு 72,000 ரூபாய், அதாவது கிராமுக்கு 9,000. 24 கிராமுக்கு இரண்டு சதவீதம் என்றால் 4,320 ரூபாய் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே அந்த 4,320 ரூபாயை விட்டுக்கொடுத்ததன் காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அன்று இரவு கல்யாணச் செலவு நோட்டில் எழுதுவதற்காக ரசீதை எடுத்து வரி வரியாகப் பிரித்தேன். தங்கத்தின் மொத்த எடை 24.000 கிராம், நிகர எடை 24.000 கிராம். 24 கிராமுக்கு 9,000 வீதம் 2,16,000 ரூபாய். சேதாரம் 14 சதவீதம், அதாவது 3.360 கிராம், அதற்கு 30,240 ரூபாய். செய்கூலி கிராமுக்கு 250 வீதம் 6,000 ரூபாய். (சேதாரமும் வாங்கிக்கொண்டு கூலியும் தனியாக வாங்குவது எனக்கு எரிச்சல்தான், ஆனால் அதை முன்பே சொல்லிவிட்டார்கள், நானும் ஒப்புக்கொண்டேன், ஆகவே அதைப் புகாராகச் சொல்ல மாட்டேன்.) அதன் கீழே ஒரு வரி: கல் 12.00 காரட், காரட்டுக்கு 450 வீதம் 5,400 ரூபாய். இவற்றின் கூட்டுத்தொகை 2,57,640. இதன் மீது மத்திய, மாநில ஜி.எஸ்.டி. ஒன்றரை ஒன்றரையாக 3 சதவீதம், 7,729 ரூபாய் 20 காசு. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியும் சேர்த்து 53 ரூபாய் 10 காசு. ஆக மொத்தம் 2,65,422 ரூபாய் 30 காசு.

பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு காசு கூடப் பிழை இல்லை. நோட்டை மூடப் போன நேரத்தில்தான் கண் அந்தக் கல் வரியில் நின்றது. தங்கத்துக்குச் சொல்லும் காரட் தூய்மையின் அளவு; 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதுதான் 916. கல்லுக்குச் சொல்லும் காரட்டோ எடையின் அளவு. ஒரு காரட் 0.2 கிராம், ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே சொல் புழங்குவதால் பலரும் குழம்பிப் போகிறோம், அந்தக் குழப்பத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. 12 காரட் கல் என்றால் 2.400 கிராம். அந்தக் கற்கள் தராசில் தங்கத்தோடு சேர்ந்துதான் 24 கிராம் காட்டின. அப்படியானால் தங்கம் 21.600 கிராம்தான். மொத்த எடையும் நிகர எடையும் ரசீதில் ஒன்றாக இருக்கவே முடியாது.

சரியான கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 21.600 கிராம் தங்கத்துக்கு 1,94,400 ரூபாய். அதன் 14 சதவீதச் சேதாரம் 27,216. செய்கூலி 5,400. கல்லுக்கு அதே 5,400. கூட்டினால் 2,32,416, வரியும் ஹால்மார்க் கட்டணமும் சேர்ந்தால் 2,39,441 ரூபாய் 58 காசு. நான் கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் 25,980 ரூபாய் 72 காசு. கல்லின் 2.400 கிராமைத் தங்க விலையில் விற்றதில் 21,600 போயிற்று. ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்தக் கல் எடைக்கும் சேதாரம் 3,024 ரூபாய், கூலி 600 ரூபாய், இவை எல்லாவற்றின் தலையிலும் 3 சதவீத வரி. எடையில் ஒரு பொய் நுழைந்தால் அதன் கீழே உள்ள ஒவ்வொரு வரியிலும் அது குட்டி போடுகிறது. வரிக்கு முந்தைய கணக்கில், அந்தக் கடையில் ஒரு கிராம் தங்கம் எனக்கு 10,510 ரூபாய்க்கும், ஒரு கிராம் செயற்கைக் கல் 12,760 ரூபாய்க்கும் விற்கப்பட்டிருக்கிறது. கல்லுக்குக் கல் விலையும் வாங்கி, அதே கல்லுக்குத் தங்க விலையும் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போனேன். முதல் நாள் காபி கொடுத்த அதே விற்பனையாளர், "அது தங்கத்தோட காரட் சார்" என்றார். 22 காரட் நகையில் 12 காரட் எங்கிருந்து வந்தது, அதற்கு 450 ரூபாய் எதற்கு என்று கேட்டதும் மேலாளரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலாளர், கம்ப்யூட்டர் போடும் பில்லில் தப்பே வராது என்றார். பிறகு, கல் நகைக்கு எங்கள் கடையில் மொத்த எடைக்குத்தான் விலை, அது கடை வழக்கம் என்றார். கம்ப்யூட்டர் தானாகப் போட்டதா, கடையின் வழக்கமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாவதாக, கல்லைக் கழற்றினால்தான் உண்மை எடை தெரியும், கழற்றினால் நகை கெட்டுவிடும், பரவாயில்லையா என்று என்னையே மிரட்டுவது போல் கேட்டார். 12.00 காரட் என்று கல்லை எடை பார்த்து ரசீதில் எழுதியதே அவர்கள்தானே, அப்போது கழற்றாமலா எடை பார்த்தார்கள்?

கடைசியில் அவர் சொன்ன சமாதானம்தான் என் கோபத்தை இன்னும் ஆறவிடாமல் வைத்திருக்கிறது. "உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா வேற நகையா மாத்திக்குங்க சார்" என்றார். சரி என்று கொடுத்தேன். பழைய நகை வாங்கும் மேசையில் இருந்தவர் அதைத் தராசில் வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் 24.000 என்று எழுதி, கல் கழிவு 2.400 போக 21.600 என்று அடிக்கோடு போட்டார். 24 மணி நேரம் கூட ஆகவில்லை. விற்கும்போது தங்கமாக இருந்தது வாங்கும்போது கல்லாகிவிட்டது. கொடுத்த சேதாரமும் கூலியும் திரும்ப வராது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சீட்டைக் கேட்டேன். கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். நான் முதலிலேயே கைப்பேசியில் படம் எடுத்திருக்க வேண்டும்.

நகையில் ஹால்மார்க் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கிறது. தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 22 காரட் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண், மூன்றும் இருக்கின்றன, பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. ஆனால் அந்த முத்திரை தங்கம் தூயதா என்பதற்குத்தான் சான்று. கடைக்காரர் எத்தனை கிராமுக்குப் பணம் வாங்கினார் என்பதற்கு அது பொறுப்பல்ல. அதற்குத்தான் ரசீது. ஹால்மார்க் நகையின் ரசீதில் தங்கத்தின் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. என் ரசீதில் நிகர எடை என்ற கட்டம் இருந்தது. அதற்குள் இருந்த எண்தான் பொய்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். எடை தொடர்பான குற்றம் என்பதால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும் ரசீது நகலோடு மனு எழுதி வைத்திருக்கிறேன். இதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல் என்கிறாள் மனைவி. பந்தலுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் அது, 25,980 ரூபாய்.

நகை ரசீதை எப்படிப் படிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது நிதானம் இல்லை. கல் நகை வாங்குகிறவர்கள் இவற்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பணம் கட்டும் முன், மதிப்பீட்டுச் சீட்டு கையில் இருக்கும்போதே கல்லின் காரட்டை ஐந்தால் வகுத்து, மொத்த எடையிலிருந்து கழியுங்கள். வருகிற எண்தான் நிகர எடைக் கட்டத்தில் இருக்க வேண்டும். கல் எத்தனை காரட் என்று எழுதாமல் கல் விலை என்று ஒரே தொகையைப் போட்டிருந்தால், எடையை எழுதித் தரச் சொல்லுங்கள். சேதாரத்தைச் சதவீதத்தில் பேசும்போது எந்த எடையின் மீது என்று கேளுங்கள். "இதையே நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை கிராம் எடுத்துக்கொள்வீர்கள்" என்று விற்பனையாளரிடம் கேட்டு, அவர் சொல்லும் எண்ணைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.