கணுக்கால் அரிப்பும் ஒரு டியூப் ஆயின்ட்மென்ட்டும்: ஒன்றரை வருட அனுபவம்

இடது கணுக்காலின் வெளிப்பக்கம் முதலில் கொசுக்கடி போலத்தான் இருந்தது. மூன்று வருடத்தில் அது உள்ளங்கையில் பாதி அளவுக்குப் பரவி, யானைத் தோல் போல் தடித்துக் கறுத்துவிட்டது. தோலின் ரேகைகள் பாளம் பாளமாகத் தெரிந்தன. பகலில் அலுவலகத்தில் அதன் நினைவே வராது. ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடும். சொறியும்போது ஒரு சுகம் இருக்கும் பாருங்கள், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்புறம் எரிச்சல், பத்து நிமிடத்தில் மறுபடியும் அரிப்பு.

முதல் வருடம் நான் செய்தது எல்லாமே தப்பு. சுடச்சுட வெந்நீர் ஊற்றினேன். அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது, தோல் வறண்டு அரிப்பு கூடியது. படர்தாமரை என்று நினைத்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கலவை க்ரீம் வாங்கிப் போட்டேன். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்தது அது. கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்பும்.

கடைசியில் பார்த்த தோல் டாக்டர் அந்த இடத்தைச் சுரண்டி, துகள்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பூஞ்சை இல்லை என்றார். நிற்கவைத்துக் காலில் நரம்பு சுருட்டல் இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகுதான் லைக்கன் சிம்ப்ளக்ஸ் என்று பெயர் சொன்னார். "இது தொற்று இல்லை. ஏதோ ஒன்றில் அரிப்பு ஆரம்பித்திருக்கும், அது எப்போதோ போயிருக்கும். இப்போது அரிப்பதற்குக் காரணமே நீங்கள் சொறிவதுதான்" என்றார். சொறியச் சொறியத் தோல் தடிக்கும், தடித்த தோல் இன்னும் அரிக்கும்.

எழுதிக்கொடுத்தது க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, 0.05 சதவீத ஆயின்ட்மென்ட். தடித்த தோலில் க்ரீமைவிட ஆயின்ட்மென்ட் நன்றாக இறங்குமாம். இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளை, அடுத்த இரண்டு வாரம் ஒரு வேளை, அப்புறம் வாரத்தில் இரண்டு நாள். அளவும் சொன்னார்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். எனக்கு அதில் கால்பங்குகூடத் தேவையில்லை. அதுவரை நான் அள்ளி அப்பிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் அரிப்பு அடங்கியது. சரி, முடிந்தது என்று நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் பழையபடி ஆனது. அரிப்பு அடங்கினாலும் தடிப்பு அப்படியேதான் இருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. விரலால் கிள்ளிப் பார்த்தால் பக்கத்துத் தோல் போல மெல்லியதாக மடிய வேண்டும். அதுவரை டாக்டர் சொன்ன கணக்கை விடக்கூடாது. அதற்காக நாமாக மாதக்கணக்கில் தடவவும் கூடாது, தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது சுற்றிலும் பாதிதான் குறைந்தது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தேன், கையும் அந்தப் பக்கம் போவதில்லை. பின் எப்படி? என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "ராத்திரி பூரா வலது குதிகாலால தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க, சரக் சரக்குன்னு சத்தம் வருது." பார்த்தால், அலுவலகத்திலும் மேசைக்கடியில் அதே வேலை! பகலில் நினைவே வராது என்று நான் நம்பிக்கொண்டிருந்த லட்சணம் இது.

டாக்டரிடம் சொன்னதும், இரவில் மருந்து தடவிய பின் மெல்லிய காஸ் துணி வைத்து, க்ரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றிக்கொள்ளச் சொன்னார். பிளாஸ்டிக் போட்டு மூட வேண்டாம், மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும் என்றார். மருந்தைவிட அந்தக் கட்டுதான் என்னைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. குதிகால் தேய்த்தாலும் துணியில்தான் படும். பகலில் அரித்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பேன், பிறகு வாசலின். இரவுக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அரிப்பைத் தொடவில்லை.

ஆறு வாரத்தில் தோல் மடிந்தது. கறுப்பு மட்டும் இன்னும் இருக்கிறது, மெதுவாக வெளுக்கிறது. போன மார்ச்சில் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அதே இடம் ஒருநாள் சுருக்கென்றது. அன்று ராத்திரியே அலமாரியிலிருந்து பேண்டேஜை எடுத்துக் கட்டிக்கொண்டேன். நான்கு நாளில் அவிழ்த்துவிட்டேன், ஆயின்ட்மென்ட் டியூப்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.