ஐந்து நிமிட நரை ஜெல்: குட்டை முடியில் எத்தனை நாள் தாங்குகிறது?

நரையை முழுசாக மறைக்காமல், கறுப்போடு கலந்து மங்கலாக்கி விடுகிற ஜெல்களை இரண்டு வருடத்துக்கு மேலாகப் போட்டு வருகிறேன். என் முடி எப்போதும் குட்டை. பக்கவாட்டில் மெஷினில் இரண்டாம் நம்பர், மேலே கத்தரியில் இரண்டு விரல் உயரம். கிருதாவிலும் காதோரத்திலும் பாதிக்கு மேல் வெள்ளை, உச்சியில் ஆங்காங்கே. சென்னையில் வேலை, தினமும் ஹெல்மெட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்கு ஷாம்பு. இதே நிலையில் இருப்பவர்களுக்கு இது பயன்படும். நீள முடிக்காரர்களுக்குக் கணக்கே வேறு.

முதலில் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கி விடுகிறேன். கடையில் ‘ஆண்களுக்கான நரை ஜெல்’ என்ற பெயரில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, இரண்டு டியூபில் வருவது. ஒன்றில் சாயம், இன்னொன்றில் டெவலப்பர். சம அளவு கலந்து தேய்த்து, ஐந்து நிமிடத்தில் அலச வேண்டும். மற்றது ஒரே டியூபில் வருவது, கலக்கும் வேலை இல்லை. அட்டையில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இருந்தால் முதல் வகை. அது இல்லாமல் ‘எச்.சி. ப்ளூ’, ‘பேசிக் பிரவுன்’ என்பது போன்ற பெயர்கள் இருந்தால் இரண்டாம் வகை.

ஒரே டியூப் ஜெல் முடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற சாயம். போட்டவுடன் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வியர்வைக்குத் தாங்காது. ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பஞ்சில் பழுப்புத் திட்டு, வெள்ளைச் சட்டைக் காலரின் பின்பக்கம் ஒரு கோடு. நான்கைந்து ஷாம்புவில் பெரும்பகுதி போய்விடும். ஒரு கல்யாணம், ஒரு நேர்காணல் என்றால் சரி. நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் இதை வைத்து ஓட்ட முடியாது என்பது என் முடிவு. இனி நான் சொல்வதெல்லாம் இரண்டு டியூப் வகை பற்றி.

இதில் டெவலப்பர் மிதமானது. வழக்கமான நிரந்தர டையில் பெரும்பாலும் 6 சதவீத பெராக்சைடு இருக்கும், இதில் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான். அம்மோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் எத்தனாலமைன். சாயத்தின் சிறு மூலக்கூறுகள் முடிக்குள் புகுந்து, அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் இந்த வகைச் சாயத்தின் வேலை. நிரந்தர டைக்கு அதற்கு அரை மணி நேரம் கிடைக்கிறது, இதற்கு ஐந்தே நிமிடம். அதனால் ஒரு பகுதி உள்ளே தங்குகிறது, மீதி மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது. அந்த மீதிதான் முதல் இரண்டு மூன்று அலசலில் துண்டில் வந்து விழுவது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொல்லப்போனால் அது போன பிறகுதான் நிறம் இயல்பாகத் தெரிகிறது. போட்ட அன்று ‘டை அடிச்சிருக்கீங்களா?’ என்று கேட்கிற ஆள், நான்கு நாள் கழித்து ‘என்ன, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கீங்க’ என்கிறார்.

சரி, எத்தனை நாள் தாங்கும்? அட்டையில் நான்கு முதல் ஆறு வாரம் என்றும், இத்தனை ஷாம்பு என்றும் போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் குட்டை முடிக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. காரணம், பக்கவாட்டில் நிறம் கழுவிப் போவதற்கு முன் மெஷின் அதை எடுத்துவிடுகிறது.

என் பக்கவாட்டு முடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நம்பர் என்றால் 6 மில்லிமீட்டர். தலைமுடி மாதத்துக்கு சுமாராக ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். முடி வெட்டிய கையோடு ஜெல் போட்டால் அந்த 6 மில்லிமீட்டரும் நிறம். இரண்டு வாரத்தில் அடியில் இன்னொரு 5, 6 மில்லிமீட்டர் வெள்ளையாக முளைத்திருக்கும், ஆக பாதிக்குப் பாதி. நான்காவது வாரம் சலூனுக்குப் போகும்போது முடி 17 மில்லிமீட்டர் இருக்கிறது, அதில் நுனியில் உள்ள 6 மட்டும் சாயம். மெஷின் மறுபடியும் 6 மில்லிமீட்டரில் வெட்டினால் மிஞ்சுவது முழுக்கப் புது முடி. ஒரு துளி நிறம்கூட இருக்காது. ஜெல் ஆறு வாரம் தாங்குகிற ரகமாக இருந்தாலும், பத்து வாரம் தாங்குகிற ரகமாக இருந்தாலும் இதுதான் கதை.

நான் வழக்கமாகப் போகும் சலூன்காரர் இதைச் சொல்லியே ஒரு யோசனை கொடுத்தார். “சார், சைடுல நாலு போடுங்க, கலர் நிக்கும்” என்றார். நான்காம் நம்பர் என்பது 13 மில்லிமீட்டர். போட்டுப் பார்த்தேன். நடுவில் உள்ள வாரங்களில் நிஜமாகவே உதவியது. நுனியில் உள்ள நீளமான சாயப் பகுதி, அடியில் முளைக்கும் வெள்ளையைப் போர்த்திக்கொள்கிறது. ஆனால் நான்கு வாரம் கழித்து மறுபடி 13-இல் வெட்டும்போது, அதில் 11 புதிது, நுனியில் 2 மட்டும் பழையது. ஆக சலூன் நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னை ஏப்ரலில் காதுக்கு மேல் அந்த நீளம் எனக்கு ஒத்துவரவில்லை, இரண்டுக்கே திரும்பிவிட்டேன்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பெரிய விதி: முடி வெட்டிய பிறகு ஜெல், வெட்டுவதற்கு முன் ஒருபோதும் இல்லை. அதிலும் வெட்டிய அன்றே வேண்டாம். கழுத்திலும் காதோரத்திலும் பிளேடு போட்ட இடம் எரியும், மழித்த தோலில் கறையும் நன்றாகப் பிடிக்கும். ஒன்றிரண்டு நாள் விட்டுப் போடுவது சரியான நேரம்.

உச்சியில் கணக்கு மாறுகிறது. அங்கே மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வெட்டுகிறோம், பழைய சாயம் நுனியில் அப்படியே இருக்கிறது. அங்கேதான் கழுவிப் போவது என்ற பேச்சே வருகிறது. என் அனுபவத்தில் மூன்றாம் வாரம் வரை நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு நிறம் வெளுப்பதைவிடச் செம்பட்டையாவதுதான் கண்ணில் படும். நீலச் சாயல் தரும் பகுதி முதலில் போக, சிவப்பும் மஞ்சளும் தங்கிவிடுகின்றன. நம் இயற்கைக் கறுப்பு முடியையும் பெராக்சைடு துளித்துளியாக வெளுக்கிறது. ஒரு முறையில் தெரியாது, மாதா மாதம் உச்சி முழுக்கத் தேய்த்தால் தெரியும். வீட்டுக்குள் பார்த்தால் புலப்படாது. மதியம் வெயிலில் பைக் கண்ணாடியில் பாருங்கள், அப்போது தெரியும்.

அதனால் இப்போது உச்சிக்கு மூன்று சலூனுக்கு ஒரு முறைதான் போடுகிறேன், மற்ற மாதங்களில் காதோரமும் கிருதாவும் மட்டும். அதற்கு ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு தேக்கரண்டி போதும். மீதியைத் தனித்தனியாக மூடி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். கலந்த கலவையை மட்டும் எடுத்து வைக்கக் கூடாது. அது வேலை செய்யாது, மூடிய டப்பாவில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும்.

நிறத்தேர்வில் ‘நேச்சுரல் பிளாக்’ பக்கம் போகாமல் இருப்பது நல்லது. வெள்ளை முடியில் அது மை பூசியது போல் நிற்கும். வேர் முளைக்கும்போது கோடும் கூர்மையாகத் தெரியும். உங்கள் முடியைவிட ஒரு படி வெளிர், அதாவது அடர் பழுப்பு எடுத்தால், வெள்ளையாக இருந்தது சாம்பல் கலந்த பழுப்பாகி மீதி முடியோடு கலந்துவிடும். பெட்டியில் சாம்பல் சாயல், அதாவது ‘ஆஷ்’ என்று போட்டது கிடைத்தால் அதையே எடுங்கள், செம்பட்டை தள்ளிப்போகும்.

போடும் முறையில் ஒரு விஷயம்தான் முக்கியம். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. முந்தின நாள் ஷாம்பு போட்டு, கண்டிஷனர் இல்லாமல் காயவிட்டு, உலர்ந்த முடியில் போடுங்கள். எண்ணெய் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எதுவும் ஏறாது. முதலில் கிருதா, ஏனென்றால் அங்கே முடி தடிப்பு, சாயம் பிடிக்க அடம் பிடிக்கும். கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மற்ற இடங்கள். ஐந்தாவது நிமிடம் ஈரமான டிஷ்யூவால் கிருதாவில் நாலு முடியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளை இன்னும் பளிச்சென்று இருந்தால் அட்டையில் அனுமதித்த நேரம் வரை விடலாம், அதற்கு மேல் வேண்டாம். நேரம் கூடினால் கலப்பு போய்த் தொப்பி வைத்த தோற்றம் வந்துவிடும்.

நிறம் சீக்கிரம் போவதற்கு என் தலையில் பெரிய காரணம் பொடுகு ஷாம்பு. அதைப் போட்ட வாரங்களில் உச்சி நிறம் தெளிவாகச் சீக்கிரம் மங்கியது. கீசர் வெந்நீரும் உதவாது. ஜெல் போட்ட முதல் இரண்டு நாள் ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசுகிறேன். தேங்காய் எண்ணெய் நிறத்தை எடுத்ததாக நான் பார்க்கவில்லை. அதை எடுப்பதற்குப் போடும் இரண்டாவது ஷாம்புதான் எடுக்கிறது.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘அம்மோனியா இல்லை’ என்று பெரிதாக அச்சடித்திருந்தால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை. ஒவ்வாமை பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா-ஃபினிலீன்டயமினாலும் அதன் உறவுகளாலும் வருவது. அம்மோனியா இல்லாத ஜெல்லிலும் அவை இருக்கலாம். கைக்குக் கறுப்பு மெகந்தி போட்டு எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால் இந்த வகையே வேண்டாம். மற்றவர்கள் முழங்கை மடிப்பில் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள், புது நிறுவனத்துக்கு மாறினால் மறுபடியும். பல வருடம் ஒன்றும் ஆகாமல் போட்டவருக்கும் திடீரென்று வரலாம். தலை அரிப்பு, மறுநாள் காலையில் கண் இமை வீக்கம் என்றால் உடனே அலசிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

தாடிக்கு இதையே போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாடிக்கென்று தனியாக வருவதை எடுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ட்ரிம்மர் ஓடும் முகத்தில் 3 மில்லிமீட்டர் தாடி ஒரு வாரத்தில் பெரும்பாலும் புது முடியாகிவிடும். நான் தாடியை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். தலையில் கொஞ்சம் நரை மிச்சம் இருப்பதால் இரண்டும் பொருந்தித்தான் இருக்கிறது. ஏதாவது விசேஷம் என்றால் மூன்று நான்கு நாள் முன்பே ஜெல்லைப் போட்டு முடித்துவிடுங்கள், தோலில் பட்ட கறையும் முதல் மினுமினுப்பும் அதற்குள் போய்விடும்.